மெயில் ஜன்னலின் மூன்று கட்டங்கள்: எது எதற்கு, வந்த மெயில் எங்கே ஒளிகிறது

அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. பெட்டியின் நீளத்தை 18 அங்குலத்திலிருந்து 16 ஆகக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளர் திங்கட்கிழமை காலை மெயில் அனுப்பியிருந்தார். என் கண்ணில் அது பட்டது வியாழக்கிழமை. அதற்குள் பழைய அளவில் 3,000 பெட்டிகள் வெட்டி முடிந்திருந்தன. மெயில் வராமல் இல்லை, குப்பைக்கும் போகவில்லை. என் திரையிலேயே இருந்தது. ஜன்னலின் எந்தப் பகுதி எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த மூன்று நாள் பதற்றம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரல். அதை வைத்தே சொல்கிறேன். அவுட்லுக், ஜிமெயில் பயன்படுத்துபவர்களுக்கு மாறும் இடங்களைக் கடைசியில் தந்திருக்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

தண்டர்பேர்ட் இலவசம். நன்கொடை கேட்டு ஒரு பக்கம் அவ்வப்போது திறக்கும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், வசதி எதுவும் குறையாது. உங்கள் மெயில் முகவரியும் கடவுச்சொல்லும் வேண்டும். அலுவலக முகவரி என்றால் உள்வரும் சர்வர், வெளிச்செல்லும் சர்வர் இரண்டின் பெயரையும் கணினி பார்ப்பவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நிரலே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காத நாளில் அந்தத் தாள்தான் துணை. கணக்கு வகை கேட்டால் IMAP என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெயில்கள் சர்வரிலேயே இருக்கும், போனிலும் கணினியிலும் ஒன்றுபோலத் தெரியும்.

நேரக் கணக்கு ஒன்று. கணக்கைச் சேர்த்ததும் பட்டியல் நிரம்பிவிடும், எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றும். முதலில் வருவது தலைப்பும் அனுப்பியவர் பெயரும்தான். உள்ளடக்கம் பின்னால் மெதுவாக இறங்கும். சில ஆண்டு மெயில்கள் இருந்தால் மணிக்கணக்கில் ஆகலாம். அது முடியும் முன் மெயிலின் உள்ளே இருக்கும் ஒரு சொல்லைத் தேடிவிட்டு “கிடைக்கவில்லை” என்று முடிவு கட்டாதீர்கள்.

2. முதலில் ஜன்னலை முழுதாகப் பாருங்கள்

இடது ஓரத்தில் படங்கள் மட்டும் உள்ள ஒல்லியான பட்டை ஒன்று இருக்கும்: மெயில், முகவரிப் புத்தகம், நாட்காட்டி என்று. தெரியாமல் நாட்காட்டியைத் தொட்டு மெயிலே போய்விட்டது என்று பயந்தால், அந்தப் பட்டையில் உறைப் படத்தைத் தொடுங்கள், திரும்பிவிடும்.

அதற்கு அடுத்து மூன்று கட்டங்கள். முதலாவது ஃபோல்டர் கட்டம். இரண்டாவது மெயில் பட்டியல். மூன்றாவது வாசிப்புக் கட்டம். புதிதாக நிறுவினால் மூன்றும் அருகருகே நிற்கும். வேறு அமைப்பில் வாசிப்புக் கட்டம் பட்டியலுக்குக் கீழே இருக்கும்.

இவை தனித்தனி ஜன்னல்கள் அல்ல, ஒரு சங்கிலி. முதல் கட்டத்தில் நீங்கள் எந்த ஃபோல்டரைத் தொடுகிறீர்களோ அதில் உள்ளது மட்டுமே இரண்டாவதில் தெரியும். இரண்டாவதில் எந்த வரியைத் தொடுகிறீர்களோ அது மட்டுமே மூன்றாவதில் திறக்கும். எனவே ஒரு மெயில் காணவில்லை என்றால் வலது பக்கம் தேடிப் பயனில்லை. இடது கோடியிலிருந்து தொடங்க வேண்டும். நான் மூன்று நாளும் செய்த தவறு, பட்டியலையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தது.

கட்டம் ஒன்று மறைந்துவிட்டால் Alt விசையைத் தட்டுங்கள், மேலே மெனு வரும். View → Layout போனால் Folder Pane, Message Pane இரண்டும் இருக்கும், டிக் வையுங்கள். வாசிப்புக் கட்டத்துக்கு F8 விசையே போதும். ஒரு தட்டில் மறையும், மறு தட்டில் வரும். விசைப்பலகையைத் துடைக்கும்போது F8 அழுந்தி, “மெயிலைத் தொட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது” என்று புலம்பியவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேர்.

மூன்றும் அருகருகே நின்று திரை நெருக்கமாக இருந்தால் அதே Layout மெனுவில் Classic View தேர்ந்தெடுங்கள். வாசிப்புக் கட்டம் கீழே போய், பட்டியலின் தலைப்புகள் வெட்டுப்படாமல் தெரியும். சிறிய மடிக்கணினிக்கு இதுதான் வசதி என்பது என் கருத்து.

3. ஃபோல்டர் கட்டம்: எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்வது

இங்கே ஒவ்வொரு கணக்கின் பெயரும், அதன் கீழே Inbox, Drafts, Sent, Junk, Trash போன்றவையும் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் வரும் எண் படிக்காத மெயில்களின் எண்ணிக்கை, மொத்த எண்ணிக்கை அல்ல. Inbox பக்கத்தில் எண் இல்லை என்றால் மெயில் வரவில்லை என்று பொருளில்லை. வந்து, ‘படித்தது’ என்று குறிக்கப்பட்டிருக்கலாம். என் கதையே அதுதான், கீழே சொல்கிறேன்.

இரண்டு கணக்கு வைத்திருந்தால் Inbox இரண்டு இருக்கும். எது வண்ணமாகத் தெரிகிறதோ அதில்தான் நிற்கிறீர்கள். அதன் மேலே உள்ள கணக்கின் பெயரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பெயருக்கு முன்னால் சிறு அம்பு இருந்தால் உள்ளே துணை ஃபோல்டர்கள் இருக்கின்றன. உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் “இந்த வாடிக்கையாளர் மெயில் இந்த ஃபோல்டருக்குப் போகட்டும்” என்று சர்வரில் விதி போட்டிருந்தால், மெயில் Inbox-இல் எட்டிப் பார்க்காமலே உள்ளே போய்விடும். இதைவிட ஒரு சிக்கல் உண்டு. தண்டர்பேர்ட் புது மெயிலுக்காகத் தானாகப் பார்ப்பது Inbox-ஐ. துணை ஃபோல்டரில் புது மெயில் விழுந்தாலும் நீங்கள் அதைத் தொடும் வரை எண் மாறாமலே இருக்கலாம். அந்த ஃபோல்டர் மேல் வலது சொடுக்கு செய்து Properties திறங்கள். அங்கே இந்த வரி இருக்கும்:

```
When getting new messages for this account, always check this folder
```

இதில் டிக் வைத்தால் அதையும் சேர்த்துப் பார்க்கும். விதி போட்ட ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு முறை செய்துவிடுங்கள், மொத்தம் ஐந்து நிமிட வேலை.

கீழே Local Folders என்று ஒன்று இருக்கும். இது சர்வரில் இல்லை, உங்கள் கணினியின் வட்டில் மட்டும் இருக்கிறது. Inbox-இலிருந்து ஒரு மெயிலை இங்கே இழுத்துப் போட்டால் போனில் பார்க்கும் இன்பாக்ஸிலிருந்தும் அது போய்விடும். சர்வரில் இடம் நிரம்பும்போது இது உதவும். ஆனால் வட்டு பழுதானால் அதோடு மெயிலும் போகும். ரசீது, ஒப்பந்தம் போன்றவற்றை இங்கே தள்ளுவதென்றால் வேறொரு நகல் எடுத்துவைத்த பிறகு தள்ளுங்கள்.

ஃபோல்டரே காணவில்லையா? கட்டத்தின் தலையில் மூன்று புள்ளி இருக்கும். அதில் Folder Modes திறந்து பாருங்கள். Unread Folders மட்டும் தேர்வாகியிருந்தால் படிக்காத மெயில் இல்லாத ஃபோல்டர்கள் தெரியாது. All Folders-க்கு மாற்றினால் எல்லாம் வந்துவிடும்.

4. மெயில் பட்டியல்: அதிகம் ஏமாற்றுவது

ஒரு வரி, ஒரு மெயில். தடித்த எழுத்து என்றால் படிக்காதது. நட்சத்திரம் நீங்கள் வைத்த அடையாளம். காகிதக் கவ்விப் படம் இணைப்பு இருப்பதைச் சொல்கிறது.

பட்டியல் இரண்டு உருவத்தில் வரும். Cards View என்பது ஒவ்வொரு மெயிலையும் இரண்டு மூன்று வரி அட்டையாகக் காட்டும். Table View என்பது பத்திகள் கொண்ட அட்டவணை. பட்டியலின் வலது மேல் மூலையில் உள்ள சிறு பொத்தானில் இரண்டையும் மாற்றலாம். புதிதாகக் கற்பவர்கள் அட்டவணையில் தொடங்குங்கள். எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறது என்று அதில் கண்ணால் பார்க்கலாம்.

வரிசைதான் முதல் கண்ணி. அட்டவணையின் தலையில் உள்ள பெயரைத் தொட்டால் அந்தப் பத்திப்படி பட்டியல் மறு அடுக்காகும். From-ஐத் தொட்டால் அனுப்பியவர் பெயர் அகரவரிசை. அப்போது இன்று வந்த மெயில் மேலேயோ கீழேயோ இருக்காது, நடுவில் எங்கோ இருக்கும். சிறு அம்புக்குறி எந்தப் பத்தியின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். Date மேல் இல்லையென்றால் Date-ஐ ஒரு முறை தொடுங்கள். பழையது மேலே வந்தால் மறுபடி ஒரு முறை.

Date பத்தியிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அது அனுப்பியவரின் கணினி எழுதிய தேதி. அவர் கணினியின் கடிகாரம் தவறாக இருந்தால், இன்று வந்த மெயில் சில ஆண்டுகளுக்கு முந்தைய இடத்தில் போய் உட்காரும். தலைப்பு வரியின் வலது கோடியில் உள்ள சிறு படத்தைத் தொட்டு Received பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நம் பக்கம் வந்து சேர்ந்த நேரம். அதன்படி அடுக்கினால் யார் கடிகாரம் எப்படி இருந்தாலும் புதியது உரிய இடத்தில் நிற்கும்.

அடுத்தது உரையாடல் கோவை. ஒரே பேச்சின் பதில்களை ஒன்றின் கீழ் ஒன்றாக மடித்து வைப்பது. முன்னால் அம்பு இருந்தால் உள்ளே இன்னும் மெயில்கள் உண்டு. நீங்கள் பார்ப்பது முதல் மெயில், வாடிக்கையாளரின் கடைசி பதில் மடிப்புக்குள். பட்டியலில் ஒரு வரியைத் தொட்டுவிட்டு நட்சத்திர விசையை, அதாவது `*`, அழுத்தினால் எல்லாம் விரியும். `\` அழுத்தினால் எல்லாம் மடியும்.

மூன்றாவது, Quick Filter. பட்டியலின் மேலே Unread, Starred, Attachment என்று பொத்தான்கள் வரும் பட்டை. Unread-ஐ அழுத்தினால் படிக்காதவை மட்டும் தெரியும், மற்றவை அழியவில்லை, மறைந்திருக்கின்றன. இதே பட்டையில் குண்டூசிப் படம் ஒன்று உண்டு. அதையும் அழுத்திவிட்டால் நீங்கள் ஃபோல்டர் மாறினாலும் வடிகட்டல் கூடவே வரும். பட்டை தெரியவில்லை என்றால் Ctrl+Shift+K அழுத்துங்கள், வரும். எந்தப் பொத்தானும் அழுந்திய நிலையில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இந்தப் பட்டையில் சொல்லை எழுதித் தேடினாலும் நிற்கும் ஃபோல்டரில் மட்டும்தான் தேடும். எல்லா ஃபோல்டரிலும் தேட Ctrl+K.

நான்காவது, ஒற்றை எழுத்து விசைகள். தேடல் பெட்டியில் நிற்பதாக நினைத்து “raja” என்று தட்டுகிறீர்கள், உண்மையில் பட்டியலில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். R அந்தக் கோவை முழுவதையும் படித்ததாகக் குறிக்கும். A அந்த மெயிலை Archives-க்கு அனுப்பிவிடும். J அடுத்ததைக் குப்பை மெயில் என்று முத்திரை குத்தும். Archives-க்குப் போனதை உடனே கவனித்தால் Ctrl+Z திருப்பிக் கொண்டுவரும். பிறகு கவனித்தால் Archives உள்ளே ஆண்டு வாரியான ஃபோல்டர்களில் பாருங்கள். தட்டும் முன் எழுத்துக்குறி பெட்டிக்குள் துடிக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

5. வாசிப்புக் கட்டம்: பார்த்தாலே படித்ததாகிவிடும் இடம்

மேலே தலைப்புப் பகுதி: யார் அனுப்பியது, யாருக்கெல்லாம் போயிருக்கிறது, பொருள். பெயரை நம்பாதீர்கள், பெயருக்கு அடுத்துள்ள முகவரியைப் பாருங்கள். பெயர் என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் வங்கியின் பெயரை எழுதி அனுப்பலாம். முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது வேறாக இருந்தால் எதையும் தொட வேண்டாம். வலது பக்கம் Reply, Reply All பொத்தான்கள். அனுப்பியவருக்கு மட்டும் போவது முதலாவது, எல்லாருக்கும் போவது இரண்டாவது. விலைப்பட்டியல் அனுப்பும்போது இந்த வேறுபாடு பணக் கணக்கு.

படங்கள் தெரியாமல் மேலே மஞ்சள் பட்டை வந்தால் பழுது இல்லை. வெளி சர்வரிலிருந்து படம் இறக்கினால் நீங்கள் மெயிலைத் திறந்தது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் தண்டர்பேர்ட் தடுத்து வைக்கிறது. தெரிந்தவர் என்றால் மட்டும் அனுமதி கொடுங்கள்.

இணைப்புகள் கட்டத்தின் அடிப்பகுதியில் ஒரு பட்டையாக இருக்கும். மெயிலை உருட்டிப் படித்துவிட்டு “பிடிஎஃப் இல்லையே” என்பவர்கள் அந்த அடிப் பட்டையைப் பார்ப்பதில்லை. திறந்து பார்ப்பது வேறு, சேமிப்பது வேறு. திருத்த வேண்டிய கோப்பு என்றால் Save கொடுத்து உங்கள் ஃபோல்டரில் வைத்துவிட்டுத் திருத்துங்கள். மெயிலிலிருந்து நேரே திறந்தால் தற்காலிக நகல்தான் திறக்கிறது, அதில் செய்த திருத்தம் மெயிலுக்குள் போகாது.

இனி அந்தத் திங்கட்கிழமை. Quick Filter-இல் Unread அழுந்தியிருந்தது, குண்டூசியும் குத்தியிருந்தது. படிக்காதவை மட்டும் தெரிந்தால் வேலை சுலபம் என்று அதற்கு முந்தைய வாரம் நானே வைத்தது. காலையில் விளம்பர மெயில்களை Delete தட்டித் தட்டி அழித்தேன். ஒன்றை அழித்ததும் தண்டர்பேர்ட் அடுத்த மெயிலைத் தானாகத் தேர்ந்தெடுத்து வாசிப்புக் கட்டத்தில் திறந்துவிடும். கடைசி விளம்பரத்தை அழித்ததும் திறந்து நின்றது வாடிக்கையாளரின் மெயில். அந்த நேரம் தொலைபேசி அடித்தது, எழுந்து போனேன். திறந்திருந்ததால் அது ‘படித்தது’ ஆனது. திரும்பி வந்து Sent ஃபோல்டரைத் தொட்டேன், பிறகு Inbox-க்கு வந்தேன். வடிகட்டல் புதிதாக ஓடியது. படித்த மெயில் என்பதால் அது பட்டியலிலிருந்து மறைந்தது. Inbox பக்கத்தில் எண்ணும் இல்லை. மூன்று கட்டமும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தன.

6. இப்படி நடக்காமலிருக்க மூன்று மாற்றங்கள்

Settings → General போய் Reading & Display பகுதியில் `Automatically mark messages as read` என்பதைப் பாருங்கள். அதை முழுதாக எடுத்துவிடலாம். அப்போது படித்தபின் நீங்களே M விசையைத் தட்டிக் குறிக்க வேண்டும். அது தொல்லை என்றால் இத்தனை விநாடிக்குப் பின் என்ற இரண்டாவது தேர்வை எடுத்துப் பத்து விநாடி போடுங்கள். அது அழித்துக்கொண்டே போகும்போது காப்பாற்றும். ஆனால் என்னைப் போல் எழுந்து போனால் பத்து விநாடியும் கடந்துவிடும். ஆர்டர் மெயில் பார்க்கும் வேலை என்றால் முழுதாக எடுப்பதே மேல். நான் எடுத்துவிட்டேன்.

குண்டூசியை விடுவித்துவிடுங்கள். வடிகட்டல் தேவைப்படும்போது போட்டு, அப்போதே எடுங்கள்.

விளம்பரங்களை ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு வேண்டாதவற்றையெல்லாம் தொட்டுத் தேர்ந்தெடுத்து ஒரே Delete. அழிக்கும் முன் F8 தட்டி வாசிப்புக் கட்டத்தை மூடிவைப்பவர்களும் உண்டு. கட்டம் மூடியிருந்தால் எதுவும் தானாகத் திறக்காது.

7. காணாமல் போன மெயிலைத் தேடும் வரிசை

இடமிருந்து வலம். முதலில் எந்தக் கணக்கின் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள். அடுத்து Quick Filter பொத்தான்கள் அழுந்தியிருக்கின்றனவா. அடுத்து அம்புக்குறி எந்தப் பத்தியின் மேல். அடுத்து `*` தட்டி கோவைகளை விரிக்க வேண்டும். இவ்வளவும் ஒரு நிமிடம். அதிலும் கிடைக்காவிட்டால் Junk, Trash, Archives மூன்றையும் திறந்து பாருங்கள், பிறகு Ctrl+K. அப்போதும் இல்லையென்றால் உலாவியில் சர்வரின் மெயில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்து இங்கே இல்லையென்றால் குறை நிரலில். அங்கேயும் இல்லையென்றால்தான் அனுப்பியவருக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.

8. அவுட்லுக், ஜிமெயில் என்றால்

அவுட்லுக்கில் அதே மூன்று கட்டங்கள், வாசிப்புக் கட்டத்தின் பெயர் Reading Pane. View மெனுவில் அதை வலப்பக்கம், கீழே, அல்லது இல்லாமலே வைக்கலாம். அங்கே கூடுதல் கண்ணி, இன்பாக்ஸ் தலையில் Focused, Other என்று இரண்டு பிரிவு. நிரல் முக்கியம் என்று நினைப்பது முதலாவதில், மற்றவை இரண்டாவதில். புதிய வாடிக்கையாளரின் மெயில் Other-க்குப் போவது வழக்கமாக நடக்கும். View அமைப்புகளில் இந்தப் பிரிவையே நிறுத்திவிடலாம்.

ஜிமெயிலை உலாவியில் திறந்தால் வாசிப்புக் கட்டம் முதலில் இருக்காது, மெயிலைத் தொட்டால் பட்டியலின் இடத்திலேயே திறக்கும். பல்சக்கரப் படத்தைத் தொட்டு Reading pane பகுதியில் Right of inbox கொடுத்தால் மூன்று கட்டமும் கிடைக்கும். இடது பக்கத்தில் இருப்பவை ஃபோல்டர் அல்ல, லேபிள். ஒரே மெயில் இரண்டு லேபிளில் தெரியலாம். அது இரண்டு நகல் அல்ல, ஓரிடத்தில் அழித்தால் இரண்டிலும் போகும். Spam, Trash இரண்டிலும் விழுந்தவை 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.